புறவழிச்சாலைப் பகுதி எந்த நகராட்சிக்கு உரியது? நகர்மன்ற உறுப்பினருக்கு ஒரு நகரமைப்பு அலுவலரின் கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

புதிய புறவழிச்சாலையின் மேற்கே எழுந்துள்ள உணவகம், லாரிப் பட்டறை, பஞ்சர் கடைகள் ஆகியவற்றிடம் நம் நகராட்சி ஏன் சொத்துவரி வசூலிக்கவில்லை என்று மன்றக் கூட்டத்தில் கேட்டிருந்தீர்கள். அந்தச் சாலை நம் ஊர்ப் பெயரால் அழைக்கப்படுகிறது, நம் முழுமைத் திட்ட வரைபடத்தில் அந்த இடம் இருக்கிறது, கடைகள் ஓடைக்கு நம் பக்கத்திலேயே நிற்கின்றன என்பவை தாங்கள் கூறிய காரணங்கள். மூன்றும் உண்மையே. ஆயினும் அந்த இடம் பக்கத்து நகராட்சிக்கு உரியது. அது எப்படி என்பதை ஆவணங்களின் வழியே விளக்குகிறேன்.

ஒரு நகராட்சியின் எல்லை என்பது நிலத்தில் தனியாக வரையப்பட்ட கோடு அன்று. இன்னின்ன வருவாய்க் கிராமங்கள், அவற்றில் இன்னின்ன புல எண்கள் இந்த நகராட்சியில் அடங்கும் என்று அரசு அறிவிக்கை ஒன்று பட்டியலிடுகிறது; அந்தப் புலங்களின் வெளி விளிம்புகளைச் சேர்த்தால் கிடைப்பதே நகராட்சி எல்லை. ஆகவே ஒரு கடை யாருடைய எல்லையில் உள்ளது என்ற கேள்வி, அந்தக் கடை எந்தக் கிராமத்தின் எந்தப் புல எண்ணில் நிற்கிறது என்ற கேள்வியாகச் சுருங்கிவிடுகிறது. அதற்கு விடை சொல்பவை, கிராமத்தின் புலங்களை எண் வாரியாகப் பட்டியலிடும் அ-பதிவேடு, ஒரு புலத்தின் அளவுகளைக் காட்டும் புலப்படம், கிராம வரைபடம் ஆகியவையே. இவற்றுள் அ-பதிவேட்டையும் புலப்படத்தையும் eservices.tn.gov.in தளத்தில் தாங்களே பார்க்கலாம்.

சாலையின் பெயர் எதையும் நிரூபிப்பதில்லை; எந்த ஊரின் நெரிசலைத் தவிர்க்கச் சாலை போடுகிறார்களோ அந்த ஊரின் பெயர் அதற்கு அமைகிறது. முழுமைத் திட்டம் பற்றிய குழப்பம் அதைவிடப் பெரியது, நம் அலுவலகத்துக்கு வருவோரும் அடிக்கடி அதில் சிக்குகிறார்கள். முழுமைத் திட்டம் தயாரிக்கப்படுவது, 1971 ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி அறிவிக்கப்படும் உள்ளூர்த் திட்டப் பகுதிக்கு; அந்தப் பகுதி, நகரம் நாளை எங்கே விரியும் என்பதைக் கருதி வரையப்படுவதால், நகராட்சி எல்லையைத் தாண்டிப் பக்கத்துக் கிராமங்களையும் உள்ளடக்கலாம். நம் வரைபடத்தில் அந்த இடம் வணிகப் பகுதி நிறத்தில் இருப்பது, அங்கே கடை கட்டலாம் என்பதை மட்டுமே சொல்கிறது. அங்கே வரி விதிப்பவர் யார் என்பதை அது சொல்லவில்லை. அஞ்சல் குறியீட்டு எண்ணும் இப்படித்தான். அது தபால் பட்டுவாடாவுக்காக வகுக்கப்பட்டது.

இனி ஓடைக்கு வருகிறேன், ஏனெனில் தங்கள் வாதத்தில் வலுவானது அதுவே. பழைய நாள்களில் ஓடைதான் இரு ஊர்களுக்கும் எல்லை என்று பெரியவர்கள் சொல்வது சரி. ஆனால் நில அளவைக்குப் பிறகு எல்லை என்பது அளந்த நாளில் ஓடை எங்கே ஓடியதோ அந்த இடம். தண்ணீர் பின்னர் எங்கே போனாலும் எல்லை அதனோடு நகராது. பக்கத்து நகராட்சியில் அடங்கிய பக்கத்துக் கிராமத்தின் கணக்கில் ஓடை முழுவதும் ஓடைப் புறம்போக்காகத் தனிப் புல எண்ணில் உள்ளது. ஆகவே பழைய ஓடையின் கிழக்குக் கரையே கிராம எல்லை. புறவழிச்சாலை போட்டபோது ஓடையைச் சுமார் 70 மீட்டர் மேற்கே திருப்பி ஒரு சிறுபாலத்தின் கீழ் விட்டார்கள். பழைய படுகைக்கும் புதிய கால்வாய்க்கும் இடைப்பட்ட அந்தத் துண்டு நிலந்தான் இன்று பார்வைக்கு நம் பக்கம் வந்ததுபோல் தெரிகிறது. கடைகள் நிற்பதும் அதிலேயே.

பழைய கரை எங்கே இருந்தது என்பதைக் கண்டுபிடிக்கப் புலப்படம் உதவுகிறது. நம் பழைய புலப்படங்களில் அளவுகள் லிங்க்கில் எழுதப்பட்டிருக்கும். 66 அடிச் சங்கிலியில் நூற்றில் ஒரு பங்கு ஒரு லிங்க்; அதாவது ஏறத்தாழ 20.1 சென்டிமீட்டர். மூன்று கிராமங்கள் சந்திக்கும் முச்சந்திக் கல்லிலிருந்து தெற்கே உள்ள அடுத்த எல்லைக் கல் வரை ஒரு நேர்கோடு அடிக்கோடாகக் கொள்ளப்பட்டுள்ளது. அதில் 640 லிங்க் சென்று, அங்கிருந்து செங்குத்தாகக் கிழக்கே 85 லிங்க் விலகினால் கரையின் வளைவு வரும் என்று படத்தில் குறித்திருக்கிறார்கள். மீட்டரில் சொன்னால், தெற்கே 128.7, பிறகு கிழக்கே 17.1. நில அளவையரோடு சென்று அளந்தபோது அந்தப் புள்ளி, வேலிக்கருவை மண்டிய பழைய பள்ளத்தின் கிழக்கு விளிம்பிலேயே விழுந்தது. பள்ளம் தூர்ந்து போனாலும் மேட்டின் சரிவு இன்னும் தெரிகிறது. நம் பக்கத்திலிருந்து பார்த்தால் முதலில் வரும் கடையே அங்கிருந்து மேற்கே ஏறத்தாழ 40 மீட்டரில்தான் இருக்கிறது.

இந்த முறைக்கும் வரம்பு உண்டு. கைப்பேசி காட்டும் இருப்பிடம் திறந்த வெளியிலேயே சில மீட்டர் பிசகும். செயற்கைக்கோள் படத்தின்மேல் கிராம வரைபடத்தைப் பொருத்திப் பார்க்கும் இணைய வரைபடங்களிலும் கோடுகள் சற்று நகர்ந்து விழுவதுண்டு. எல்லைக் கல்லையே யாராவது பெயர்த்து நட்டிருந்தால், அதிலிருந்து அளந்த எல்லாமே பிழையாகும். அதனால்தான் ஒரு கல்லை மட்டும் நம்பாமல், அடிக்கோட்டின் இரு முனைக் கற்களுக்கும் இடைப்பட்ட தூரம் படத்தோடு ஒத்துப்போகிறதா என்று முதலில் சரிபார்த்தோம், ஒத்துப்போனது. ஒரு கட்டடம் எல்லைக்கு இரண்டு மூன்று மீட்டருக்குள் நின்றிருந்தால் துல்லியக் கருவியால் மறு அளவை கேட்டிருப்பேன். 40 மீட்டர் என்பது ஐயத்துக்கு இடமில்லாத தொலைவு.

இன்னொரு சான்றும் உண்டு. 1956 ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 3டி பிரிவுப்படி நிலம் எடுக்கும்போது, எடுக்கப்படும் ஒவ்வொரு துண்டும் வட்டம், கிராமம், புல எண் வாரியாக மைய அரசிதழில் வெளியாகும். அதில் புறவழிச்சாலைக்கு எடுத்த புல எண் 117/2 பக்கத்துக் கிராமத்தின் பெயரிலேயே உள்ளது. எடுத்தது போக மீந்த 117/1 தனியார் பட்டாவில் இருக்கிறது. கடைகள் அதன்மேல்தான் நிற்கின்றன. சாலைக்கு எடுத்த நிலம் மைய அரசின் உடைமையாகிறது என்பதால் அது எந்த உள்ளாட்சியிலும் சேராத நிலம் ஆகிவிடாது. உடைமை ஒன்று, ஆட்சி எல்லை வேறொன்று.

அந்தக் கடைகளுக்கு நாம் வரி கேட்பு அனுப்பினால், உரிமையாளர் தம் பட்டாவை மட்டும் காட்டியே அதை ரத்து செய்யவைத்துவிடுவார். நாம் கட்டட அனுமதி கொடுத்தால் அது இன்னும் மோசம்: அதிகாரமில்லாதவர் கொடுத்த அனுமதி என்பதால் நம்பிக் கட்டியவரே இழப்பார்.

எல்லையை மாற்றவே முடியாது என்று நான் சொல்லவில்லை. தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998 இன்படி அந்தப் புல எண்களை நம்மிடம் சேர்க்க அரசுக்கு அதிகாரம் உண்டு. நம் மன்றத் தீர்மானம் அதற்கு ஒரு வேண்டுகோளாக மட்டுமே அமையும். பக்கத்து நகராட்சியின் கருத்தும் பொதுமக்களின் ஆட்சேபங்களும் கேட்கப்பட்டு, அரசு அறிவிக்கை வந்த பிறகே எல்லை மாறும். வரி தரும் கடைகளை அவர்கள் எளிதில் விட்டுத்தருவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதற்கிடையில், அந்தக் கடைகளின் குப்பை நம் 12ஆம் வார்டு வாய்க்காலில் வந்து விழுவது உடனே தீர்க்க வேண்டிய சிக்கல். அதற்கு எல்லை மாற்றம் தேவையில்லை. பக்கத்து நகராட்சி ஆணையருக்கு நம் ஆணையர் எழுதினால் போதும். அதற்கான வரைவுக் கடிதத்தையும், அ-பதிவேட்டு நகல், புலப்படம், அரசிதழ்ப் பக்கம் ஆகியவற்றையும் இத்துடன் இணைத்துள்ளேன். தாங்கள் நேரில் பார்க்க விரும்பினால், நில அளவையரை முச்சந்திக் கல்லுக்கே வரச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
நகரமைப்பு அலுவலர்