ஒரே மானிட்டரில் இரண்டு கம்ப்யூட்டர்: எழுத்து ஏன் ஒல்லியாகத் தெரிகிறது?

“தம்பி, ரெண்டு பக்கமும் படம் வருது. ஆனா லேப்டாப் பக்கம் மட்டும் எழுத்து ஒல்லியா, மேல இழுத்து விட்ட மாதிரில்லா கிடக்கு” என்று மார்த்தாண்டத்திலிருந்து ஒரு அக்கா போன் செய்தார். வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்ப்பவர். கம்பெனி கொடுத்த லேப்டாப் ஒன்று, சொந்த டெஸ்க்டாப் ஒன்று. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் பார்க்கத்தான் 34 இன்ச் அகல மானிட்டர் வாங்கியிருந்தார். மானிட்டர் மெனுவில் இரண்டு படங்களைப் பக்கத்துப் பக்கத்தில் காட்டும் `PBP` என்பதை ஆன் செய்ததும் திரை நடுவில் இரண்டாகப் பிரிந்தது. அதுவரை சரி.

அந்த மானிட்டரின் முழு அளவு 3440x1440. பிரித்தால் ஆளுக்கு 1720x1440 கிடைக்கும். ஒவ்வொரு பாதியும் ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் அகலம். முன்பு வங்கிக் கவுண்டர்களில் இருந்த 19 இன்ச் சதுர மானிட்டரை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அந்த வடிவம்தான். ஆனால் லேப்டாப் இன்னும் 1920x1080 படத்தையே அனுப்பிக்கொண்டிருந்தது. அகலமான அந்தப் படத்தை மானிட்டர் பாதிக்குள் அமுக்கி நிரப்பியதால் எழுத்து ஒல்லியானது.

சந்தேகம் இருந்தால் பெயின்ட்டைத் திறந்து, ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஒரு வட்டம் வரையுங்கள். அது முட்டை போல நெடுக நின்றால் ரெசல்யூஷன் பொருந்தவில்லை. சில மானிட்டர்கள் படத்தை நசுக்காமல் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விடும். அப்போது வட்டம் வட்டமாகவே இருக்கும், ஆனால் இடம் வீணாகும். காரணம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

கேபிளைச் செருகியதும் மானிட்டர் தன் அளவுகளைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். திரையைப் பிரித்த பிறகு புது அளவையும் சொல்ல வேண்டும். அக்காவின் டெஸ்க்டாப் அதைக் கேட்டுக்கொண்டு தானாகவே மாறிவிட்டது. லேப்டாப்போ ஒரு டைப்-சி ஹப் வழியாகப் போயிருந்தது, பழைய அளவையே பிடித்துக்கொண்டு நின்றது. PBP ஆனிலேயே இருக்கட்டும், ஹப்பை லேப்டாப்பிலிருந்து உருவிவிட்டுப் பத்து வரை எண்ணி மறுபடி செருகுங்கள் என்றேன். பிறகு விண்டோஸ் செட்டிங்ஸில் `System > Display` போய், அந்த மானிட்டரைத் தேர்ந்தெடுத்து `Display resolution` பட்டியலைப் பார்த்தால் 1720x1440 வந்திருந்தது. அதை வைத்ததும் எழுத்து நேரானது.

இதற்கும் வராத இடங்கள் உண்டு. அப்போது முதலில் ஹப்பை விட்டுவிட்டு நேரடிக் கேபிளில் பார்ப்பேன். கடைசியாகத்தான் கிராபிக்ஸ் கார்டின் மென்பொருளில் `Custom Resolution` என்ற பகுதிக்குப் போய் 1720, 1440, 60 ஹெர்ட்ஸ் என்று கையால் கொடுப்பது. கம்பெனி லேப்டாப்பில் இதற்கு அனுமதி இல்லாமல் இருக்கலாம், அங்கே ஐடி ஆளைத்தான் கேட்க வேண்டும். இன்னொன்று, PBP-யில் பல மானிட்டர்கள் எச்டிஆர் போன்ற வசதிகளை அணைத்துவிடும். கணக்கு வேலைக்கு அது ஒரு குறையே இல்லை.

வாங்கும் முன் கேட்பவர்களுக்கு: 27 இன்ச் 1920x1080 மானிட்டரைப் பிரித்தால் ஆளுக்கு 960 பிக்சல் அகலம்தான் மிஞ்சும், எக்செலில் அகலமான கணக்கைப் பார்க்க அடிக்கடி நகர்த்த வேண்டியிருக்கும். 32 இன்ச் 4கே என்றால் 1920x2160 கிடைக்கும், ஆனால் எழுத்து பொடியாக இருக்கும், ஸ்கேலை 125 அல்லது 150 சதவீதமாக்க வேண்டும்.

எழுத்து சரியானதும் அக்கா அடுத்ததாகக் கேட்டது: “மவுஸ் அந்தப் பக்கம் போகமாட்டேங்குதே?” போகாது. மானிட்டர் சேர்ப்பது படத்தை மட்டும்தான், உள்ளே இரண்டும் தனித்தனிக் கம்ப்யூட்டர்கள். ஒரே கீபோர்டையும் மவுஸையும் இரண்டு கம்ப்யூட்டருக்கும் மாற்றிக் கொடுக்கும் கேவிஎம் வசதி அந்த மானிட்டரிலேயே இருந்தது. ஒவ்வொரு கம்ப்யூட்டரிலிருந்தும் ஒரு யுஎஸ்பி கேபிளை மானிட்டருக்குக் கொடுத்து, கீபோர்டையும் மவுஸையும் மானிட்டரில் செருகினோம். பட்டன் அழுத்தினால் பக்கம் மாறும்.

மவுஸ் தானாகவே கோட்டைத் தாண்டிப் போக நெட்வொர்க் வழியாக இணைக்கும் மென்பொருள்கள் உண்டு. சொந்தக் கம்ப்யூட்டர் இரண்டுக்கு இடையில் தாராளமாகப் போடுங்கள். கம்பெனி லேப்டாப்பில் வேண்டாம் என்றுதான் அக்காவிடம் சொன்னேன். அவற்றில் பல, காப்பி செய்த எழுத்தையும் கோப்பையும் மறுபக்கம் கொண்டுபோகும். வாடிக்கையாளர் கணக்கு விவரம் ஒன்று தெரியாமல் சொந்த டெஸ்க்டாப்பில் வந்து விழுந்தால், கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். PBP-யில் அந்தப் பயம் இல்லை. மீட்டிங்கில் முழுத் திரையைப் பகிர்ந்தாலும் லேப்டாப்பின் படம் மட்டுமே போகும், பக்கத்துப் பாதியில் திறந்திருக்கும் வீட்டு வாட்ஸ்அப் யாருக்கும் தெரியாது.

மழைக்காலத்தில் கரண்ட் போனால் மானிட்டர் அணையும், லேப்டாப் அணையாது. அதன் ஜன்னல்களெல்லாம் சின்னத் திரைக்குத் தாவிவிடும். அக்கா வீட்டு யுபிஎஸ்ஸில் டெஸ்க்டாப் மட்டும்தான் இருந்தது, மானிட்டரின் பிளக்கையும் அதில் மாற்றிச் செருகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.