சர்ட்டிஃபைடு காரா, ஓனரிடம் நேரடியாகவா? நடுவில் நிற்கும் 65,000 ரூபாயின் கணக்கு

பெங்களூரில் இரண்டு கார்கள் விலைக்கு நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் 2018 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், மேனுவல் கியர், 60,000 கிலோமீட்டருக்குப் பக்கத்தில் ஓடியவை. ஒன்று டீலரின் ஷோரூமில் ‘சர்ட்டிஃபைடு’ ஸ்டிக்கருடன் 5,60,000 ரூபாய். இன்னொன்று ராமமூர்த்தி நகரில் ஒரு வீட்டு வாசலில் நிற்கிறது. ஓனரே கேட்பது 4,95,000. பார்ப்பவர்கள் சட்டென்று இரண்டில் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்: டீலர் கொள்ளையடிக்கிறார், அல்லது ஓனர் எதையோ மறைக்கிறார். பெரும்பாலும் இரண்டுமே இல்லை.

டீலர் அந்த வண்டியை 4,70,000-க்கு வாங்கியிருந்தால், வாங்கிய விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே 90,000 ரூபாய். பழைய கார் வியாபாரிக்கு ஜிஎஸ்டி முழு விலைக்கு அல்ல, இந்த வித்தியாசத்துக்கு மட்டும்தான். விகிதம் 18 சதவீதம். வரியும் அந்த 90,000-க்குள்ளேயே அடங்கியிருந்தால் சுமார் 13,700 ரூபாய் அரசுக்குப் போகிறது. டயர், சர்வீஸ், பாலிஷ், சிறு பெயிண்ட் வேலை என்று 25,000 வரை வைக்கலாம். மிச்சத்தில் இட வாடகை, விற்பனையாளரின் கமிஷன், ஆர்சி மாற்றும் செலவு, வாரண்டிக்கு ஒதுக்கும் தொகை, லாபம் எல்லாம் வர வேண்டும். சொந்தக் காரை விற்கும் தனிநபருக்கு இந்த ஜிஎஸ்டி கிடையாது. அவர் டீலர் கொடுப்பதைவிட 25,000 அதிகம் வாங்குகிறார், நீங்கள் 65,000 குறைவாகக் கொடுக்கிறீர்கள். இருவருக்கும் லாபம்தான்.

ஆனால் உங்கள் 65,000 முழுசாகக் கையில் நிற்காது. வீட்டு வாசல் வண்டிக்கு நான்கு டயரும் மாற்ற வேண்டியிருந்தால் 18,000, முழு சர்வீஸ் 7,000, வாங்குமுன் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப்போய்க் காட்ட 2,000, ஆர்டிஓ ஏஜென்ட்டுக்கு 5,000. இன்சூரன்ஸில் இன்னொரு 3,000 போகும். இந்தக் கடைசிச் செலவை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கிளெய்ம் கேட்காத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கழிக்கப்படும் நோ கிளெய்ம் போனஸ் காருக்கு உரியதல்ல, ஆளுக்கு உரியது. விற்பவர் அதைத் தன் அடுத்த காருக்குக் கொண்டுபோய்விடுவார். போனஸாக ஆண்டுக்கு 4,500 ரூபாய் கழிக்கப்பட்ட பாலிசியில் இன்னும் எட்டு மாதம் மிச்சமிருந்தால், அந்த எட்டு மாதத்துக்கான 3,000-ஐ நீங்கள் கட்டினால்தான் பாலிசி உங்கள் பெயருக்கு மாறும். ஆக 35,000 போய், உண்மையான வித்தியாசம் 30,000. டீலரிடம் அந்தப் பணத்துக்கு நீங்கள் வாங்குவது இரண்டு பொருள்கள்: வாரண்டி, பிறகு வழக்குப் போடும் வசதி.

வாரண்டியை முதலில் பார்ப்போம். ‘சர்ட்டிஃபைடு’ என்ற சொல்லுக்குச் சட்டம் எந்த அளவுகோலும் வைக்கவில்லை. கார் கம்பெனியின் சொந்தப் பழைய கார் பிரிவும் அதைச் சொல்லலாம், தெருமுனை கன்சல்டிங்காரரும் சொல்லலாம். ஆகவே ஸ்டிக்கரை விட்டுவிட்டு, வாரண்டித் தாளில் ‘இவற்றுக்குப் பொருந்தாது’ என்ற பகுதியை முதலில் படியுங்கள். பொதுவாக இன்ஜினும் கியர்பாக்ஸும் மட்டுமே உள்ளே இருக்கும். கிளட்ச், பிரேக், பேட்டரி, சஸ்பென்ஷன் புஷ், ஷாக் அப்சார்பர் வெளியே. ஏசி பல தாள்களில் வெளியே. ஆனால் ஏழெட்டு வயதான பெட்ரோல் மேனுவல் காரில் செலவு வைப்பவை இவைதான். சில்க் போர்டு நெரிசலில் தினமும் அரை கிளட்ச்சில் ஊர்ந்த வண்டிக்கு முதலில் போவது கிளட்ச் பிளேட். இன்ஜின் அவ்வளவு சீக்கிரம் போகாது. அதனால் மேலே சொன்ன ஹேட்ச்பேக்குக்கு அந்த 30,000 கொஞ்சம் அதிகம் என்றே எங்களுக்குப் படுகிறது.

இதே கணக்கு டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக்குக்கும், பிஎஸ்6 டீசலுக்கும் தலைகீழாகும். டூயல் கிளட்ச் கியர்பாக்ஸில் கோளாறு வந்தால் செலவு லட்சத்தைத் தொடக்கூடும். பிஎஸ்6 டீசலில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி, வேகமாக நீண்ட தூரம் ஓடும்போதுதான் கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். வீட்டுக்கும் ஆபீஸுக்கும் ஐந்து கிலோமீட்டர் மட்டுமே ஓடிய வண்டியில் அது அடைத்துக்கொள்ளும். இப்படிப்பட்ட காருக்கு, அந்தக் குறிப்பிட்ட பாகமே வாரண்டியில் எழுதப்பட்டிருந்தால், டீலருக்குக் கூடுதலாகக் கொடுப்பது நியாயமான விலை.

இனி பரிசோதனை. டீலர் வண்டியில் ஒரு சிக்கல் உண்டு: விற்பனைக்குத் தயார் செய்யும்போது தடயங்களும் அழிந்துபோகின்றன. இன்ஜின் அறையைக் கழுவிவிடுவதால் ஆயில் கசிவு தெரியாது. உட்புறத்தை ஷாம்பூ போட்டிருப்பதால் ஈர வாடை தெரியாது. நீங்கள் போகும்முன் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால் குளிர்ந்த இன்ஜினில் மட்டும் வரும் சத்தமும் புகையும் தெரியாது. ஓனர் வீட்டுக்குக் காலை ஆறரை மணிக்குப் போனால் இவை அத்தனையும் தெரியும். வண்டி எங்கே நிற்கிறது, கீழே ஆயில் சொட்டு இருக்கிறதா, யார் ஓட்டினார்கள் என்பதும் தெரியும். டீலரிடமும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் மறுநாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

ஸ்கேனர் போட்டுப் பார்க்கும் மெக்கானிக்குகள் பலர் எரர் கோடு இல்லையென்றதும் ‘வண்டி கிளீன்’ என்று சொல்லிவிடுவார்கள். கோடுகளை அழிப்பது ஒரு நிமிட வேலை. ஆனால் அழித்தால் வண்டியின் சுய பரிசோதனைகளும் முதலிலிருந்து தொடங்கும். அவை முடிய வழக்கமாகச் சில நாள் ஓட்டம் வேண்டும். ஸ்கேனரில் அந்தப் பரிசோதனைகள் முடிந்தனவா என்று காட்டும் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். வரிசையாக ‘Not Ready’ என்று வந்தால் யாரோ சமீபத்தில் எரர் கோடுகளை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். அது டீலராகவும் இருக்கலாம், ஓனராகவும் இருக்கலாம்.

வெள்ளத்தையும் மறக்க வேண்டாம். 2022 செப்டம்பரில் பெல்லந்தூர், அவுட்டர் ரிங் ரோடு பகுதியில் அடித்தளப் பார்க்கிங்கோடு மூழ்கிய கார்கள் எத்தனையோ. சீட் பெல்ட்டை அடிவரை முழுதாக இழுத்துப் பாருங்கள்; வெளியே தெரியாத அந்தக் கடைசி முழத்தில் சேற்றுக் கோடு இருக்கும். சீட்டுக்கு அடியிலுள்ள போல்ட்டுகளில் துரு ஏறியிருந்தால் கையோடு விட்டுவிடுங்கள், விலை எவ்வளவு இறங்கினாலும்.

பெரிய பணம் போவது இயந்திரத்தில் அல்ல, காகிதத்தில். டீலர் என்றால் காகிதம் சுத்தமாக இருக்கும் என்பது நம்பிக்கை மட்டுமே. பல இடங்களில் ஆர்சி இன்னும் பழைய ஓனர் பெயரிலேயே இருக்கும், பெயர் மாற்றத்துக்காக அவர் கையெழுத்துப் போட்ட படிவம் 29, 30 மட்டும் டீலரின் மேசை இழுப்பறையில் கிடக்கும். இதைச் சரிசெய்யத்தான் 2023 ஏப்ரல் 1 முதல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் மாற்றம் வந்தது. பழைய வண்டி விற்கும் டீலர், பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். அது படிவம் 29B. ஓனர் வண்டியை ஒப்படைத்ததும் அதைப் படிவம் 29C மூலம் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும்; அதிலிருந்து டீலரே ஓனராகக் கருதப்படுவார். இந்த இரண்டையும் காட்டுங்கள் என்று கேளுங்கள். காட்டுபவரிடம் வாரண்டிக்கு அர்த்தம் உண்டு. ‘அதெல்லாம் தேவையில்லை சார்’ என்பவர் வாடகை கொடுக்கும் புரோக்கர்.

வழக்கு வசதியும் இங்கேதான் வருகிறது. டீலர் ரசீது கொடுத்து விற்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், இரண்டு வருடத்துக்குள். தன் சொந்தக் காரை விற்ற தனிநபர் வியாபாரி அல்ல. அவர்மேல் சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும், 5 லட்ச ரூபாய் காருக்கு அப்படி அலைபவர் அபூர்வம். அதனால் ஓனரிடம் வாங்கும்போது பாதுகாப்பு, பணத்தை எந்த வரிசையில் கொடுக்கிறீர்கள் என்பதில் மட்டுமே இருக்கிறது.

ராமமூர்த்தி நகர் காருக்கு வங்கிக் கடன் 1,20,000 பாக்கி என்று கொள்வோம். அட்வான்ஸ் 10,000-க்கு மேல் வேண்டாம். ஓனரோடு வங்கிக்குப் போய், கடனை முடிக்கும் தொகைக்கான கடிதம் வாங்கி, அந்தத் தொகையை நேராகக் கடன் கணக்குக்கே அனுப்புங்கள். அதற்கு முன்பே இருவரும் ஒரு ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திடுங்கள். ஏனென்றால் அந்த நேரத்தில் கடன் தீர்வது அவருக்கு, கையில் ஒன்றும் இல்லாதது உங்களுக்கு. வங்கியின் தடையில்லாச் சான்றும், ஆர்சியிலிருந்து கடனை நீக்கும் படிவம் 35-ம் வந்தபின், ஆதாரில் உள்ள ஆள்தான் ஆர்சியில் உள்ள ஆள் என்று பார்த்து, படிவம் 29, 30 கையெழுத்தானதும் 3,25,000 வங்கி வழியாகக் கொடுத்து வண்டியை எடுங்கள். மீதி 40,000-ஐ, மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் கடன் நீங்கி உங்கள் பெயர் வந்த பிறகு தருவதாக அந்த ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். ‘கேஷா கொடுத்தா இருபதாயிரம் குறைக்கிறேன்’ என்றால் ஒப்புக்கொள்ள வேண்டாம்: ஒரே பரிவர்த்தனையில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது, உங்களிடமும் கொடுத்ததற்குச் சாட்சி இருக்காது. சாவி வாங்கும் நாளில் போக்குவரத்து அபராத பாக்கியைப் பரிவாகனின் இ-சலான் தளம், பெங்களூர் போக்குவரத்து போலீஸ் தளம் இரண்டிலும் பாருங்கள். ஒன்றில் இல்லாதது மற்றதில் இருக்கலாம்.

நம் ஆட்களுக்கு இன்னொரு ஆசை உண்டு: ஓசூரில் மாமா மகனுக்குத் தெரிந்தவரிடம் டிஎன்-70 வண்டி 60,000 குறைவாகக் கிடைக்கிறதே என்று. அந்த வண்டியைப் பெங்களூரில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் கர்நாடகப் பதிவெண்ணுக்கு மாற்ற வேண்டும். அதற்குப் படிவம் 28-இல் ஓசூர் ஆர்டிஓவின் தடையில்லாச் சான்று வேண்டும், பிறகு இங்கே வண்டியின் வயதுக்கேற்பக் குறைத்த ஆயுள் வரி கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் கட்டிய வரியில் மிச்சத்தைத் தனியாக விண்ணப்பித்துத்தான் திரும்பப் பெற வேண்டும், அது எப்போது வருமோ. இங்கே கட்ட வேண்டிய வரியை ஆர்டிஓவில் கேட்டு எழுதிக்கொண்ட பிறகு ஓசூருக்கு பஸ் ஏறுங்கள்.

எங்கே வாங்கினாலும் 14 நாளுக்குள் இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். மூன்றாம் நபர் காப்பீடு தானாகவே உங்களோடு வந்துவிடும். உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பகுதி வராது. டீலர்கள் ‘ஆர்சி மாறியதும் சேர்த்துச் செய்துவிடுகிறோம்’ என்று தள்ளிப்போடுவது வழக்கம். ஆர்சிக்கு ஒரு மாதம் ஆகலாம், அதற்குள் 15-வது நாள் மடிவாளாவில் யாராவது பின்னால் வந்து இடிக்கலாம். டீலரின் டெலிவரி தாளில் தேதியோடு மணியையும் எழுதச் சொல்லுங்கள். அன்று காலை அந்த வண்டியில் யாராவது சிக்னலைத் தாண்டியிருந்தால் அந்த அபராதம் யாருடையது என்பதை அந்த மணிதான் சொல்லும்.