கணக்கு யார் பெயரில் இருக்கிறது? பணம் போடும் முன் பார்த்துவிடுங்கள்

ஈரோட்டில் எனக்குத் தெரிந்த ஒரு துணி வியாபாரிக்கு, பல வருடமாக நூல் தரும் கம்பெனியிடமிருந்து வந்தது போலவே ஒரு மின்னஞ்சல்: "வங்கியை மாற்றிவிட்டோம், இனி இந்தக் கணக்கில் போடுங்கள்." நெஃப்ட் படிவத்தில் கம்பெனி பெயரை எழுத்துப் பிசகாமல்தான் எழுதினார். 1,84,000 ரூபாய் யாரோ ஒருவரின் சேமிப்புக் கணக்கில் விழுந்தது. அவருடைய வங்கி, "நீங்கள் கொடுத்த எண்ணுக்குத்தான் போயிருக்கிறது" என்றது. பணம் போன வங்கியோ, "உங்கள் வங்கி மூலம் வாருங்கள்" என்று திருப்பி அனுப்பியது.

விதிப்படி வங்கி சொன்னது சரிதான். 2010 ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையின்படி, கணக்கு எண்ணை மட்டும் பார்த்து வரவு வைத்தால் போதும். நீங்கள் எழுதும் பெயரை யாரும் ஒப்பிட வேண்டியதில்லை.

2025 ஏப்ரல் 1-க்குள் நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் இரண்டிலும் பெயர் பார்க்கும் வசதி தர வேண்டும் என்று வங்கிகளுக்கு உத்தரவு. கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி இரண்டையும் போட்டால் கணக்கு வைத்திருப்பவர் பெயர் வரும். கட்டணம் கிடையாது. கிளைக்கு நேரில் போய்ப் பணம் அனுப்புகிறவருக்கும் இது உண்டு. கவுன்டரில் "அதெல்லாம் ஆன்லைனில்தான் சார்" என்றால் நம்பாதீர்கள். பெயரைக் கேட்டுவிட்டு அப்புறம் படிவத்தை நீட்டுங்கள். பெயர் திரையில் வராவிட்டாலும் பணம் அனுப்பத் தடையில்லை. அனுப்பினால் பொறுப்பு உங்களுடையது.

சரி, வந்த பெயரை எதோடு ஒப்பிடுவது? பில் தலைப்போடு அல்ல. ஜிஎஸ்டி தளத்தில் Search Taxpayer பகுதியில் பணம் பெறுபவரின் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டால் Legal Name, Trade Name என்று இரண்டு பெயர் வரும். பிரைவேட் லிமிடெட் என்றால் கணக்கு அந்தச் சட்டப் பெயரில்தான் இருக்க வேண்டும். தனி உரிமையாளர் கடையில்தான் சிக்கல். அங்கே சட்டப் பெயர் என்பது உரிமையாளரின் பெயர். நடப்புக் கணக்கு கடைப் பெயரில் இருக்கும். இரண்டும் ஒத்துப்போகாதது தப்பே இல்லை. இது புரியாமல் பெரிய கம்பெனிகளின் அக்கவுன்ட்ஸ் ஆட்கள் சின்ன சப்ளையர்களின் பில்லை மாதக்கணக்கில் நிறுத்திவைத்து, புதுப்புது கடிதம் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு பெயரும் உள்ள ஜிஎஸ்டி சான்றிதழும், கணக்கு யாருடையது என்று வங்கி தரும் கடிதமும் போதும். நீங்கள் சப்ளையர் என்றால், கேட்பதற்கு முன்பே முதல் பில்லோடு இரண்டையும் இணைத்துவிடுங்கள்.

கூட்டு நிறுவனத்தில், "நடப்புக் கணக்கில் போட்டால் வங்கி கடனுக்குப் பிடித்துக்கொள்ளும், என் சொந்தக் கணக்கில் போடுங்கள்" என்று ஒரு பங்குதாரர் கேட்பார். போடாதீர்கள். நாளை பங்குதாரர்களுக்குள் சண்டை வந்தால், பாக்கி இன்னும் வரவில்லை என்று மற்றவர் உங்கள் வாசலில் நிற்பார்.

ரத்து செய்த காசோலையின் ஸ்கேனை மட்டும் நம்ப வேண்டாம். அதில் எண்ணை மாற்றுவது பத்து நிமிட வேலை. கணக்கு மாறியதாகத் தகவல் வந்தால், பழைய பில்லில் உள்ள எண்ணுக்கு நீங்களே போன் செய்து கேளுங்கள், மின்னஞ்சலில் உள்ள எண்ணுக்கு வேண்டாம். பணம் போய்விட்டது என்று தெரிந்தால், கிளை மேலாளரைப் பார்க்கக் காத்திருக்காமல் முதலில் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழையுங்கள். அந்தக் கணக்கில் பணம் மிச்சம் இருக்கும்வரைதான் முடக்க முடியும்.