மன்னித்தல் வேறு, சமாதானமாதல் வேறு

போன மாதம் சொந்தக்காரர் ஒருவருக்குத் துணையாகக் குடும்ப ஆலோசனை மையம் ஒன்றுக்குப் போயிருந்தேன். அவர் உள்ளே போன ஒரு மணி நேரமும் வாசலில் உட்கார்ந்து, மேசையில் கிடந்த துண்டுப் பிரசுரத்தைப் படித்தேன். “சமாதானமாதல் என்பது உங்கள் மனத்துக்குள் நடப்பது” என்று முதல் பக்கத்தில் இருந்தது. இரண்டாம் பக்கத்தில், “சமாதானமான பிறகு உறவைத் தொடர வேண்டிய கட்டாயம் இல்லை.” சமாதானமான பிறகு உறவைத் தொடராமல் என்ன செய்வது? பாயில் உட்கார்ந்து பேசி முடித்துவிட்டு, எழுந்து எதிரெதிர் திசையில் நடப்பதா?

மூலத்தில் இருந்தது மன்னித்தல் என்பது நாலு வரி படித்ததுமே புரிந்துவிட்டது. மொழிபெயர்த்தவர் கை அதைச் சமாதானம் என்று எழுதிவிட்டது. இதே தவறை நான் பார்ப்பது முதல் முறை அல்ல. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ‘மன்னிப்பு உருதுச் சொல், பொறுத்தருள்க என்பதே தமிழ்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி ஆண்டுதோறும் சுற்றி வருகிறது. உருதுவில் அதற்கான சொல் மாஃப். அதுவும் அரபியிலிருந்து போனது. தமிழில் அது ‘மாப்பு’ என்று வந்தது. ‘மாப்பு கேட்டுக்கறேன்’ என்பது அந்த மாப்புதான். மன்னித்தலுக்கு நெருங்கிய சொற்கள் தெலுங்கில் மன்னிஞ்சு, கன்னடத்தில் மன்னிசு. இரண்டுக்கும் மன்னிப்பது என்ற பொருளோடு மதிப்பது என்ற பொருளும் உண்டு. வடமொழியின் ‘மான்ய’ வழியாக வந்தது என்பாரும் உண்டு, ‘மன்னு’ என்ற தமிழ் வேரோடு சேர்ப்பாரும் உண்டு. அந்தச் சண்டை எப்படி முடிந்தாலும் எனக்குக் கவலையில்லை. கிராமத்துக் கிழவிக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் புரிகிற சொல், இருந்துவிட்டுப் போகட்டும்.

தூய தமிழ் அன்பர்கள் சொல்லும் ‘பொறுத்தல்’ நல்ல சொல்தான், குறளில் இருக்கிற சொல். ஆனால் குடும்பச் சண்டையில் அதை எடுத்துப் போட்டுப் பாருங்கள். தினமும் குடித்துவிட்டு வந்து அடிக்கிற கணவனைப் பற்றி ஒரு பெண் தாய் வீட்டில் வந்து அழுகிறாள். ‘பொறுத்துக்கோம்மா’ என்கிறார்கள். அதற்கு மன்னித்துவிடு என்று பொருளா, இன்னும் அடி வாங்கு என்று பொருளா? பொறுத்தல் என்பது சுமப்பது. சுமை இன்னும் தலையில் இருக்கும்போது சொல்வது. மன்னிப்பதோ, நடந்தது தவறு என்று தீர்ப்பாகிவிட்ட ஒன்றைப் பற்றியது. ‘பொறுத்தல் இறப்பினை என்றும் அதனை மறத்தல் அதனினும் நன்று’ என்ற குறளில்கூட ‘இறப்பு’ என்பது எல்லை கடந்து செய்த தவறு. (இதைச் சாவு என்று படித்துவிட்டு விளக்கம் சொன்ன ஒருவரை மேடையில் கேட்டிருக்கிறேன்.) பொறுப்பதையும் மறப்பதையும் வள்ளுவர் தனித்தனியாக வைத்திருக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். நாம் ‘மறந்து மன்னித்து’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம்.

இப்போது சமாதானத்துக்கு வருகிறேன், என் கோபம் முழுவதும் அதன் மேல்தான். தமிழில் இந்தச் சொல்லுக்கு எத்தனை வேலை! அழுகிற குழந்தையைச் சமாதானப்படுத்துகிறோம். தாமதமாக வந்தவன் ஏதோ சமாதானம் சொல்கிறான், அதாவது சாக்கு. பழைய உரைகளில் தடைக்கு விடை சொல்வது சமாதானம். போர் நின்றால் சமாதானம். இவை எல்லாவற்றிலும் இன்னொரு ஆள் இருக்கிறார், அல்லது இன்னொரு ஆளின் வாயை அடைக்க வேண்டியிருக்கிறது. தனியாக அறையில் உட்கார்ந்து யாரும் யாரோடும் சமாதானமாக முடியாது. மன்னிக்க முடியும். செத்துப்போன அப்பாவை மன்னிக்கலாம், அவரோடு சமாதானமாக வழியில்லை. இரண்டு சொல்லும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் என்ரைட் என்ற உளவியலாளர் மன்னித்தலை ஒரு தொடர்ச்சியான செயலாக ஆராய்ந்தவர். அவர் அதை நான்கு கட்டமாகப் பிரிக்கிறார். முதல் கட்டமே தனக்குக் கோபம் இருக்கிறது, தான் காயப்பட்டிருக்கிறோம் என்று ஒத்துக்கொள்வது. அப்புறம் மன்னிப்பது என்ற முடிவு. அப்புறம்தான் நீண்ட வேலை: செய்தவர் எப்படிப்பட்ட வாழ்விலிருந்து வந்து இதைச் செய்தார் என்று பார்ப்பது, பட்ட வலியைப் பிள்ளைகள்மேலோ மருமகள்மேலோ இறக்கிவைக்காமல் தானே தாங்குவது. கடைசியில், அந்த அனுபவத்துக்குத் தன் வாழ்வில் ஒரு பொருள் கண்டடைவது. இதில் ஒரு கட்டத்திலும் எதிராளி வந்து உட்கார வேண்டிய தேவை இல்லை. உறவு திரும்புவதற்கு மட்டும் இரண்டு பேர் வேண்டும், நம்பிக்கை வேண்டும் என்று அவர் தனியாகவே சொல்கிறார். எவரெட் வொர்திங்டன் என்ற இன்னொரு உளவியலாளர் மன்னித்தலையே இரண்டாக்குகிறார்: மன்னிப்பது என்று எடுக்கும் முடிவு ஒன்று, உள்ளே உணர்ச்சி மாறுவது இன்னொன்று. முதலாவது ஒரு சாயங்காலத்தில் நடந்துவிடலாம். இரண்டாவதற்கு ஆண்டுகள் ஆகலாம்.

அந்த இரண்டாவதற்குத் தமிழில் சொல் இல்லையா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். விடை எங்கள் வீட்டிலேயே இருந்தது.

எங்கள் அத்தைக்கும் அவர் தம்பியான என் சித்தப்பாவுக்கும் இடையே நடந்தது இது. தாத்தா உயில் எழுதாமல் போனார். வீடு அவர் சொந்தச் சம்பாத்தியம், அதனால் மகளுக்கும் சரிபங்கு. ‘பட்டா மாத்தறதுக்கு ஒரு கையெழுத்துக்கா’ என்று சித்தப்பா அத்தையைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். அவர் கையெழுத்துப் போட்டது விடுதலைப் பத்திரத்தில். தன் பங்கை விட்டுக்கொடுத்துவிட்டோம் என்பது அவருக்கு எட்டு மாதம் கழித்து, வீட்டை விற்க ஆள் வந்தபோதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து பேச்சு இல்லை, போக்குவரத்து இல்லை.

ஆறு வருடம் கழித்துச் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். பெரியவர்கள் நாலு பேர் அத்தை வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார்கள். ‘நீரடிச்சு நீர் விலகுமா’, ‘தானாடாட்டியும் தன் சதை ஆடும்’ என்று எல்லாப் பழமொழியும் வந்தது. பத்திரம் என்ற சொல் மட்டும் யார் வாயிலும் வரவில்லை. அத்தை போனார், அட்சதை போட்டார், புகைப்படத்தில் தம்பி பக்கத்தில் நின்றார். ‘சமாதானமாயிட்டாங்க’ என்று ஊர் முழுக்கப் பேச்சு. அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து, கட்டியிருந்த பட்டுப்புடவையை மடிக்காமல் நாற்காலியில் எறிந்துவிட்டு அத்தை சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: “போயிட்டு வந்துட்டேன். மனசு ஆறல.”

அதுதான் சொல். மனம் ஆறுதல். சூடான பால் ஆறுகிறது, புண் ஆறுகிறது, கோபம் ஆறுகிறது. ‘ஆறுவது சினம்’ என்று ஔவை சொன்னதும் அதே ஆறுதல்தான். தானாக, மெதுவாக, உள்ளிருந்து நடப்பது. ஊதினால் கொஞ்சம் சீக்கிரம் ஆறும். நாலு பேர் வந்து திண்ணையில் உட்கார்ந்து ‘ஆறு’ என்று சொல்லி ஆறாது. வொர்திங்டனின் இரண்டாவது வகைக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லைக் குழு அமைத்துத் தேடினாலும் கிடைக்காது.

அத்தைக்கு ஆறியது அதற்கும் மூன்று வருடம் கழித்து. எப்படித் தெரிந்தது என்றால், அவர் அந்தக் கதையைச் சொல்லும் விதம் மாறியது. முன்பெல்லாம் பதிவு அலுவலகத்தில் மின்விசிறி ஓடாததிலிருந்து தொடங்கி, வரி பிசகாமல் முக்கால் மணி நேரம் சொல்வார். பிறகு கேட்டால்தான் சொன்னார், அதுவும் நாலு வாக்கியத்தில். ஒருநாள், “அவனுக்கு அப்போ கடன் கழுத்தை நெரிச்சுது. கேட்டிருந்தா நானே கொடுத்திருப்பேன்” என்றார். அவன் செய்தது தப்பில்லை என்று அவர் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அங்கே மன்னிக்க எதுவுமே இல்லை. அதன் பிறகும் ஆடி மாதம் தாத்தா திதி வரும்போது ஒரு நாள் முகம் கடுகடுவென்று இருக்கும், மறுநாள் சரியாகிவிடும். கோபம் எட்டிப் பார்த்ததாலேயே மன்னிக்கவில்லை என்று ஆகாது.

ஆனால் சித்தப்பாவோடு அவர் இன்றுவரை கூடிக்கொள்ளவில்லை. சித்தப்பா பத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை, பணம் பற்றியும் பேசியதில்லை. மனம் ஆறியது ஒருவர் வேலை, முடிந்துவிட்டது. மற்றதற்கு இன்னொருவர் வர வேண்டும்.

அந்த இன்னொன்றுக்கும் நம்மிடம் சொல் குறைவில்லை. ‘ரெண்டு வீடும் கூடிக்கிட்டாங்க’, ‘ராசியாயிட்டாங்க’ என்கிறோம். இந்த ராசிக்கும் பன்னிரண்டு ராசிக்கும் சம்பந்தமில்லை. இணங்கியவர் என்ற பொருளுள்ள ராஜி என்ற அரபிச் சொல். ராஜினாமா என்பதே முதலில் வழக்கைப் பேசி முடித்துக்கொள்ளும் பத்திரம்தான், நாம் அதை வேலையை விடும் கடிதமாக்கிக்கொண்டோம். கிறிஸ்தவத் தமிழில் ‘ஒப்புரவாகுதல்’ இருக்கிறது: ‘முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி’ என்று பழைய விவிலிய மொழிபெயர்ப்பில் வரும். வள்ளுவரின் ஒப்புரவு வேறு, ஊருக்கு உதவுவது. அதனால் பொது வாசகருக்கு எழுதும்போது அதைத் தவிர்ப்பேன். இலங்கையில் அரசு ஆவணங்களில் ‘நல்லிணக்கம்’ நிலைத்துவிட்டது. 2010இல் அமைத்த ஆணைக்குழுவின் பெயரிலேயே அது உண்டு. அது இனங்களுக்கும் நாட்டுக்கும் பொருந்தும். அக்கா தம்பிக்கு நல்லிணக்கம் என்றால் கொஞ்சம் சிரிப்பு வருகிறது.

குழப்பத்துக்கு மொழிபெயர்ப்பாளர் மட்டும் காரணம் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ‘மன்னிப்பு’ என்ற பெயர்ச்சொல்லை நாம் எப்போதும் கேட்கிறோம், கொடுக்கிறோம், வழங்குகிறோம். கடையில் சாமான் வாங்குவது மாதிரி, கேட்பவர் இல்லாமல் கொடுப்பவர் இல்லை. ‘அவன் வந்து மன்னிப்புக் கேட்கட்டும், பார்க்கலாம்’ என்று இருபது வருடம் காத்திருக்கிறவர்களை எல்லாக் குடும்பத்திலும் காட்டலாம். அதனால் உள்ளே நடப்பதைப் பற்றி எழுதும்போது மன்னிப்பு என்பதைவிட மன்னித்தல் என்று வினையாகவே எழுதுவது நல்லது. முடிவெடுப்பதற்கு மன்னித்தல், அதற்குப் பின் நடப்பதற்கு மனம் ஆறுதல், இருவரும் சேர்வதற்குக் கூடிக்கொள்ளுதல். மூன்றும் பாட்டி காலத்துச் சொற்கள்.

ஆலோசனை மையத்திலிருந்து கிளம்பும் முன், பிரசுரத்தில் ‘சமாதானமாதல்’ வந்த இடங்களைப் பேனாவால் அடித்து ‘மன்னித்தல்’ என்று எழுதினேன். பதினொரு இடம். வரவேற்பில் இருந்த பெண் பார்த்துவிட்டு, “சார், அது எல்லாரும் படிக்கிறதுக்கு வச்சது” என்றார். “அதனாலதாம்மா” என்று சொல்லி அதை மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.