"புதிய டாக்டர் வருகை" என்று பதிவு போடுமுன்

போன வியாழக்கிழமை சாயங்காலம் எங்கள் ரிசப்ஷன் முன்னால் ஒரு பதினேழு வயதுப் பையன் வலிப்பு வந்து விழுந்தான். அவசரப் பிரிவில் வலிப்பை நிறுத்திய பிறகு அவன் அப்பா செல்போனை நீட்டினார். எங்கள் விளம்பரப் பிரிவு அனுப்பிய வரவேற்புப் பதிவு அது: "நரம்பியல் டாக்டர் வருகை! வலிப்புக்கு நிரந்தரத் தீர்வு! மாலை 5 முதல் 8 வரை."

புது டாக்டர் எப்படியும் மருந்தை மாற்றுவார் என்று நினைத்து மூன்று நாளாகப் பழைய மாத்திரையை நிறுத்தியிருக்கிறார்கள். அந்த டாக்டர் வருவதோ செவ்வாயும் வெள்ளியும் மட்டும். பதிவில் கிழமையே இல்லை.

"அப்படி எழுதினால்தானே சார் ஆள் வருவாங்க?" இந்தக் கேள்வியை எத்தனை முறை கேட்டிருப்பேன்! ஊருக்குள் நரம்பியல் டாக்டர் வருகிறார் என்பதே வருவதற்குப் போதுமான காரணம். வலிப்பு உள்ள வீட்டில் "நிரந்தரத் தீர்வு" என்று படித்தால், இனி மாத்திரை வேண்டாம் என்றுதான் புரிந்துகொள்வார்கள். நோயாளியைப் பார்க்காமலே கொடுக்கும் வாக்குறுதி அது. 2002ஆம் ஆண்டின் மருத்துவ நடத்தை விதிகள், டாக்டர் தொழில் தொடங்குவதையும் இடம் மாறுவதையும் அறிவிக்க அனுமதிக்கின்றன; தன்னை விளம்பரப்படுத்தி நோயாளிகளை அழைப்பதைத் தடுக்கின்றன. அந்தத் துறையில் தகுந்த பட்டம் இல்லாதவரைச் சிறப்பு மருத்துவர் என்று போடுவதும் தவறு.

நேரம் எழுதுவதிலும் ஒரு கோளாறு உண்டு. எட்டு மணி என்பது டாக்டர் கிளம்பும் நேரம். டோக்கன் ஏழுக்கே முடிந்துவிடும். அதைச் சொல்லாவிட்டால் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு வந்தவரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும்.

அன்றிரவே பதிவை நீக்கிவிட்டு, இப்படி மாற்றினோம்:

"எங்கள் மருத்துவமனையில் இணையும் நரம்பியல் சிறப்பு மருத்துவர் டாக்டர் (பெயர்), எம்.டி., டி.எம். (நரம்பியல்), பதிவு எண் (…) அவர்களை வரவேற்கிறோம்.
செவ்வாய், வெள்ளி மட்டும். மாலை 5 – 8. டோக்கன் 7 மணி வரை.
முன்பதிவுக்கு முந்தைய நாள் காலை 9 முதல் மாலை 5 வரை (ரிசப்ஷன் எண்) அழைத்து, நோயாளியின் பெயர், வயது சொல்லி டோக்கன் எண் வாங்கவும். வரும்போது பழைய சீட்டு, ஸ்கேன் ஃபிலிம், சாப்பிடும் மாத்திரை அட்டை கொண்டுவரவும். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.
அவசரமென்றால் முன்பதிவுக்குக் காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்கு வரவும்."

இதில் எந்த நோயின் பெயரும் இல்லை என்று விளம்பரப் பிரிவு குறைப்பட்டுக்கொண்டது. "நரம்பியல்" என்றால் பலருக்குப் புரியாது என்பது நியாயம்தான். அதனால் "மூளை, நரம்பு டாக்டர்" என்று ஒரு வரி சேர்த்தோம். அதற்கு மேல் வேண்டாம்.

டாக்டர் லீவு போட்டால் காலையிலேயே டோக்கன் வாங்கியவர்களுக்குப் போன் செய்யுங்கள், தயவுசெய்து. கிழமை மாறினால் புதுப் பதிவில் "இன்று முதல்" என்று போடாமல் தேதியைப் போடுங்கள். வாட்ஸ்அப்பில் போன பதிவு ஆறு மாதம் கழித்தும் யாரோ ஒருவர் கையில் இருக்கும்.