"அந்தப் பக்கம் போனா மைனஸ்" என்று சொல்வதற்கு முன்னால் ஒரு ஹேங்கரை மாட்டுங்கள்

ஏழாம் வகுப்பு நோட்டு திருத்திக்கொண்டிருந்தேன். 3x = 12 என்ற கணக்குக்கு ஒரு பையன் x = −4 என்று எழுதியிருந்தான். கூப்பிட்டுக் கேட்டேன். "3 அந்தப் பக்கம் போனா வகுத்தல் ஆயிடும், அப்புறம் குறியும் மாறும்ல டீச்சர், அதான் 12-ஐ மைனஸ் 3-ஆல வகுத்தேன்" என்றான், துளி சந்தேகம் இல்லாமல். பக்கத்தில் இருந்தவள் அதே கணக்குக்கு 12 − 3 போட்டு 9 என்று எழுதியிருந்தாள். இரண்டு பேரும் கவனம் இல்லாமல் தப்பு செய்யவில்லை. "அந்தப் பக்கம் போனா மைனஸ்" என்று யாரோ (டியூஷனிலோ வீட்டிலோ, போன வருஷம் நானேவோ) சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்திருக்கிறார்கள்.

எண் ஏன் "போகிறது", போனதும் ஏன் குறி மாறுகிறது என்று கேட்டால் அவர்களிடம் பதில் இல்லை. உண்மையில் எதுவும் எங்கும் போவதில்லை. இரண்டு பக்கத்திலும் ஒரே வேலையைச் செய்கிறோம், அவ்வளவுதான். நடுவில் உள்ள வரியை எழுதாமல் விட்டுவிடுவதால் பார்ப்பவருக்கு எண் தாவிக் குதித்த மாதிரி தெரிகிறது.

சிக்கல் அதற்கும் முன்னாலேயே ஆரம்பிக்கிறது. 8 + 4 = □ + 5 என்று கரும்பலகையில் எழுதி, கட்டத்தில் என்ன வரும் என்று உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். நிறையப் பேர் 12 என்பார்கள், சிலர் எல்லாவற்றையும் கூட்டி 17 என்பார்கள். சரியான விடை 7. ஒன்றாம் வகுப்பிலிருந்து சமக்குறியைப் பார்த்ததும் "விடையை இங்கே எழுது" என்றே படித்து வந்திருக்கிறார்கள். இதைச் சொல்லும்போது எனக்குப் பலசரக்குக் கடை எலக்ட்ரானிக் தராசுதான் ஞாபகம் வரும். ஒரே தட்டு, பொருளை வைத்தால் பக்கத்தில் எண் தெரிகிறது. அந்தத் தராசை மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளைக்குச் சமக்குறியும் அப்படித்தான். நேரிய சமன்பாட்டுக்கு வேண்டியது பழைய பேப்பர் கடையில் தொங்கும் இரட்டைத் தட்டுத் தராசு. அதில் விடை வரும் பக்கம் என்று தனியாக ஒன்று கிடையாது.

அதனால் முதல் நாள் தராசு செய்கிறோம். சட்டை மாட்டும் பிளாஸ்டிக் ஹேங்கர் ஒன்று, ஹோட்டல் பார்சல் டப்பாவின் மூடி இரண்டு, சணல் கயிறு. ஹேங்கரின் இரண்டு முனையிலும் கத்தியால் சின்னதாக வெட்டுக் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் கயிறு வழுக்கிக்கொண்டே இருக்கும். கரும்பலகைக்கு மேலே உள்ள ஆணியில் மாட்டி, ஹேங்கரின் அடிக்கம்பிக்கு நேராகப் பலகையில் சாக்பீஸால் ஒரு படுக்கைக் கோடு போடுவேன். அந்தக் கோடுதான் எங்கள் தராசுக்கு முள். வெறும் தட்டுகளோடேயே ஒரு பக்கம் சாய்ந்தால், தூக்கிய பக்கத்தில் கொஞ்சம் செல்லோ டேப்பை ஒட்டிச் சரிசெய்ய வேண்டும். இதைப் பிள்ளைகளையே செய்யவிடுவேன்.

எடைக்கு ஹார்டுவேர் கடையில் வாங்கிய ஒரே அளவு இரும்பு நட்டுகள். முதல் வருஷம் ஒரு ரூபாய் நாணயம் வைத்து மாட்டிக்கொண்டேன். பழைய ஒரு ரூபாய் பெரிசு, புதுசு சின்னது, எடையும் வேறு. அது போதாதென்று x-க்குத் தீப்பெட்டியை வைத்தேன். உள்ளே நாணயத்தைப் போட்டு மூடி, இந்தப் பக்கம் மூன்று பெட்டி, அந்தப் பக்கம் ஒரு பெட்டி, கணக்கெல்லாம் சரி, தராசு மட்டும் சாய்ந்து நின்றது. கடைசி பெஞ்சிலிருந்து "தீப்பெட்டிக்கு எடை இல்லையா டீச்சர்?" என்று ஒரு குரல். சரிதான், இடப்பக்கம் இரண்டு பெட்டியின் எடை கூடுதலாக இருக்கிறதே! அன்றைக்கு வலப்பக்கத்தில் இரண்டு காலிப் பெட்டிகளை வைத்துச் சமாளித்தேன். இப்போது நட்டுகளைச் செய்தித்தாள் துண்டில் மடித்துப் பொட்டலமாகக் கட்டிவிடுகிறேன், அந்தத் தாளின் எடை இந்தத் தராசுக்குத் தெரியாது.

நான் எப்போதும் எடுக்கும் கணக்கு 3x + 2 = x + 10. இதைவிட எளிதாக x + 3 = 7 போல ஆரம்பித்தால், பிள்ளைகள் மனதிலேயே 4 என்று சொல்லிவிட்டுத் தராசை வேடிக்கை பார்ப்பார்கள். இரண்டு பக்கமும் x இருந்தால் ஊகிப்பது கஷ்டம், தராசுக்கு அப்போதுதான் வேலை வரும்.

ஒவ்வொரு பொட்டலத்திலும் நான்கு நட்டு, அது எனக்கு மட்டும் தெரியும். இடது தட்டில் மூன்று பொட்டலம், இரண்டு நட்டு. வலது தட்டில் ஒரு பொட்டலம், பத்து நட்டு. கம்பி கோட்டோடு நிற்கிறது. "பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, தராசு சாயக் கூடாது, உள்ளே எத்தனை என்று கண்டுபிடியுங்கள்" என்று சொல்லிவிட்டு நான் தள்ளி உட்கார்ந்துவிடுவேன்.

முதலில் வருபவர் பெரும்பாலும் இடது தட்டிலிருந்து இரண்டு நட்டை மட்டும் எடுப்பார். தட்டு தூக்கிக்கொள்ளும், வகுப்பே கத்தும். நான் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. உடனே அந்தப் பிள்ளையே வலது தட்டிலிருந்தும் இரண்டு எடுக்கும், கம்பி கோட்டுக்கு வரும். அந்த இடத்தில் நிறுத்தி, செய்ததைப் பலகையில் எழுதச் சொல்வேன்:

3x + 2 − 2 = x + 10 − 2
3x = x + 8

அந்த முதல் வரியை விடவே கூடாது. எந்த இரண்டு கை எந்தத் தட்டில் என்ன செய்தது என்பது அதில்தான் இருக்கிறது. அடுத்து, இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரு பொட்டலம் எடுக்கலாம். இதற்குக் கொஞ்சம் தயங்குவார்கள், ஏனென்றால் உள்ளே எத்தனை என்று தெரியாததை எப்படிக் கழிப்பது என்ற பயம். எத்தனை இருந்தால் என்ன, இரண்டிலும் ஒரே அளவுதானே என்று ஒருவராவது சொல்லும்வரை காத்திருப்பேன். எடுத்தால் 2x = 8. இரண்டு பொட்டலம், எட்டு நட்டு. இரண்டு பக்கத்திலும் பாதியை எடுத்துவிட்டால் ஒரு பொட்டலத்துக்கு நான்கு. அப்புறம் பொட்டலத்தைப் பிரித்து எண்ணுவார்கள்.

ஆரம்பத்தில் சொன்ன −4-உம் 9-உம் இங்கே வரவே வராது. 2x-இல் இருக்கும் 2 தட்டில் தனியாகக் கிடக்கும் பொருள் இல்லை, எத்தனை பொட்டலம் என்கிற எண்ணிக்கை. எட்டு நட்டிலிருந்து இரண்டைக் கழித்தால் பொட்டலம் என்ன ஆகும் என்று கேட்டால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். 3x + 2-ஐ 5x என்று சேர்த்து எழுதுபவர்களுக்கும் அதே மருந்து: மூன்று பொட்டலமும் இரண்டு நட்டும் சேர்ந்தால் ஐந்து பொட்டலம் ஆகுமா?

இன்னொரு தப்பு, கொஞ்சம் நுணுக்கமானது. 2x + 2 = 10 என்பதில் எடுத்தவுடன் 2-ஆல் வகுத்து x + 2 = 5 என்று எழுதி, x = 3 என்று முடித்துவிடுவார்கள். வகுக்கக் கூடாது என்று இல்லை, தாராளமாக வகுக்கலாம், ஆனால் தட்டைப் பாதியாக்கினால் அதில் கிடக்கும் எல்லாமே பாதியாக வேண்டும். இரண்டு பொட்டலமும் இரண்டு நட்டும் இருக்கும் தட்டில் பாதி என்பது ஒரு பொட்டலமும் ஒரு நட்டும். அப்போது x + 1 = 5, விடை 4. இதை வாயால் பத்து தடவை சொல்வதைவிட, தட்டிலிருந்து பாதியை எடுத்துக் கையில் கொடு என்று ஒரு தடவை சொன்னால் போதும்.

தராசு எங்கே கைவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதைப் பிடித்துக்கொண்டு எல்லாக் கணக்கையும் ஓட்டப் பார்க்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். x − 3 = 5 வரைக்கும் இழுக்கலாம்: ஒரு பொட்டலத்திலிருந்து மூன்று நட்டை யாரோ எடுத்துவிட்டார்கள், மிச்சம் ஐந்து நட்டுக்குச் சமமாக நிற்கிறது, எடுத்த மூன்றைத் திரும்பப் போட்டால் பொட்டலம் முழுசாகும், அந்தப் பக்கமும் மூன்று போட வேண்டும். (இயற்கணிதத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள ஆல்ஜீப்ரா என்ற பெயர், 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் இருந்த அல்-குவாரிஸ்மி இந்த வேலைக்கு வைத்த அல்-ஜபர் என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. குறைந்ததை மீட்டு முழுசாக்குவது என்று அர்த்தம், உடைந்த எலும்பைக் கூட்டிக் கட்டுவதற்கும் அதே சொல்தான். நம் ஊர்ப் பிள்ளைகளிடம் புத்தூர் கட்டு என்று சொன்னால் பிடித்துக்கொள்கிறார்கள்.)

ஆனால் x + 5 = 2 வந்தால் தராசு தீர்ந்தது. ஒரு வருஷம் அதை வேண்டுமென்றே பலகையில் எழுதினேன். ஒரு பெண் ஐந்து நட்டையும் இரண்டு நட்டையும் எடுத்து வைத்துப் பார்த்துவிட்டு, "பொட்டலத்துல ஒண்ணுமே இல்லைன்னாலும் சாயுமே டீச்சர்" என்றாள். அவள் சொன்னது சரி. எடை குறையெண்ணாக இருக்க முடியாது. சிலர் இந்த இடத்தில் தட்டில் ஹீலியம் பலூன் கட்டியிருப்பதாகப் படம் போடுவார்கள். நானும் ஒரு வருஷம் போட்டேன், பிள்ளைகள் கணக்கை விட்டுவிட்டுப் பலூனைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அதனால் இப்போது அங்கேயே நிறுத்தி, தராசுக்கு இது தெரியாது, ஆனால் அது கற்றுக்கொடுத்த விதி தெரியும் என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு பக்கமும் 5-ஐக் கழித்து எழுதினால்:

x + 5 − 5 = 2 − 5
x = −3

சாய்கிறதா என்று பார்க்க இனி கம்பி இல்லையே, எப்படித் தெரியும்? கண்டுபிடித்ததை முதல் வரியில் போட்டுப் பார்க்க வேண்டும்: −3 + 5 = 2. இரண்டு பக்கமும் ஒன்று என்றால் கம்பி கோட்டில் நிற்கிறது. அந்த −4 எழுதிய பையனிடமும் இதைத்தான் செய்யச் சொன்னேன். மூன்று தடவை −4 என்றால் −12, அந்தப் பக்கம் 12. "சாயுது டீச்சர்" என்று அவனே அடித்துவிட்டு எழுதினான்.

என் வகுப்பில் தராசுக்கு நான்கைந்து பீரியடுதான். பொட்டலத்தைத் தொடாமல், கழிக்கும் வரியை இரண்டு பக்கமும் தானாக எழுத ஆரம்பித்ததும் தட்டுகளைக் கழற்றிவிடுவேன். பக்கம் மாற்றும் சுருக்குவழியை அதற்குப் பிறகுதான் அனுமதிப்பேன், அதுவும் கேட்கும்போது விடுபட்ட வரியைச் சொல்லத் தெரிந்தவர்களுக்கு மட்டும். ஹேங்கர் மட்டும் வருஷம் முழுக்க ஆணியிலேயே தொங்கும். யாராவது ஒரு பக்கம் மட்டும் கழித்தால் சாக்பீஸால் அதைத் தட்டிக் காட்டுவேன்.