ஸ்கேனில் கட்டி தெரிந்தால் விசாரணை முடிந்ததா? அதிக உதிரப்போக்கின் ஒன்பது காரணங்கள்

ஸ்கேனில் ஃபைப்ராய்டு என்ற கர்ப்பப்பைத் தசைக் கட்டி ஒன்று தெரிந்துவிட்டால் போதும், மாதவிடாயில் வரும் அதிக உதிரப்போக்குக்குக் காரணம் அதுதான் என்று சீட்டில் எழுதிவிடுகிறார்கள். அந்தச் சீட்டை மட்டும் வைத்துக் கர்ப்பப்பையை எடுக்கத் தேதி வாங்கிய பெண்களைப் பார்த்திருக்கிறேன். டாக்டர்கள் வைத்திருக்கும் பட்டியல் அப்படிச் சொல்லவில்லை.

உலக மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பான ஃபீகோ 2011-இல் கொண்டுவந்து 2018-இல் திருத்திய அந்தப் பட்டியலுக்கு 'பாம்-கோயின்' என்று பெயர். முதல் நான்கும் உருவக் கோளாறுகள்: கர்ப்பப்பைக்குள் சதையாக வளரும் பாலிப், கர்ப்பப்பைச் சுவருக்குள் உள்சவ்வு ஊடுருவும் அடினோமயோசிஸ், ஃபைப்ராய்டு, புற்றுநோயும் அதற்கு முந்தைய நிலையும். மற்ற ஐந்தும் ஸ்கேனில் கட்டியாகத் தெரியாதவை: ரத்தம் உறைவதில் குறை, சினைமுட்டை ஒழுங்காக வெளிவராமை, உள்சவ்வின் கோளாறு, மருந்தாலோ கருத்தடைச் சாதனத்தாலோ வருவது, எதிலும் சேராதது. ஒருவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் இருக்கலாம். அதனால் ஒவ்வொன்றுக்கும் நேரே 'உண்டு', 'இல்லை' என்று குறிக்க வேண்டும் என்பதே ஏற்பாடு. ஒன்றைக் கண்டதும் மீதியை விட்டுவிடுவதற்கு அதில் இடமே இல்லை.

முதல் சிக்கல் வாசலிலேயே வருகிறது. "எத்தனை நாப்கின் மாற்றினீர்கள்?" என்று கேட்டு, எண்ணிக்கை குறைவாக இருந்தால் 'இது சாதாரணம்தான்' என்று அனுப்பிவிடுவார்கள். பட்டியலோடு வரும் வரையறையில் நாப்கின் கணக்கு கிடையாது. அன்றாட வாழ்க்கையைக் குலைக்கிற அளவுக்குப் போனால் அது அதிகம், அதைச் சொல்ல வேண்டியவர் அந்தப் பெண்தான். சுழற்சி 24 முதல் 38 நாட்களுக்குள் வருகிறதா, போக்கு 8 நாட்களைத் தாண்டுகிறதா என்பதையும் மூன்று மாதம் தேதி போட்டு எழுதிக் கொண்டுபோங்கள். தேதிகள் தாறுமாறாக இருந்தால் சினைமுட்டைப் பக்கம் சந்தேகம் போகும். தேதி தவறாமல் வந்து போக்கு மட்டும் கொட்டுகிறது என்றால், 'ஹார்மோன் கோளாறு' என்ற ஒற்றை வார்த்தையோடு திரும்பி வராதீர்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு அக்காவுக்கு 38 வயது. ஸ்கேனில் 2 சென்டிமீட்டர் ஃபைப்ராய்டு, கர்ப்பப்பையின் வெளிச்சுவரை ஒட்டி இருந்தது. இதில் அளவைவிட இடம் முக்கியம். உட்குழிக்குள் துருத்தும் கட்டிதான் பெரும்பாலும் உதிரப்போக்கைக் கூட்டும், வெளிப்பக்கம் இருக்கும் சிறு கட்டி அப்படிச் செய்வது அபூர்வம். ஆனாலும் மூன்று இடத்தில் ஆபரேஷன்தான் என்றார்கள். நான்காவது டாக்டர்தான் வேறு கேள்விகள் கேட்டார். வயதுக்கு வந்த நாளிலிருந்தே இப்படியா? ஆமாம். பிரசவத்தில் ரத்தம் ஏற்றினார்களா? ஆமாம். பல் பிடுங்கியபோது? இரண்டு நாள் நிற்கவில்லை. இதையெல்லாம் அதுவரை யாருமே கேட்டதில்லை, அவரும் தானாகச் சொல்லவில்லை. பல்லுக்கும் கர்ப்பப்பைக்கும் என்ன சம்பந்தம் என்றுதானே யாரும் நினைப்பார்கள்!

அப்புறம் பரிசோதனைக்கூடத்தில் ஒரு அலைச்சல். தட்டணுக்கள் சரி, உறையும் நேரமும் சரி, 'எல்லாம் நார்மல்' என்று தாள் வந்தது. அவருக்கு இருந்தது வான் வில்பிராண்ட் நோய், ரத்தம் உறைய உதவும் ஒரு புரதத்தில் வரும் குறை. அதன் லேசான வகையில் இந்த இரண்டு சோதனைகளும் நார்மலாகவே வரலாம். அந்தப் புரதமான வான் வில்பிராண்ட் காரணிக்கான சோதனையைத் தனியாக, பெயர் சொல்லி எழுதித் தர வேண்டும். மன அழுத்தம், காய்ச்சல், ஈஸ்ட்ரோஜன் மாத்திரை இவற்றால் அதன் அளவு உயர்ந்து நோயை மறைக்கவும் கூடும். அதனால் சந்தேகம் வலுவாக இருந்தால் ஒரு நார்மல் தாளோடு நிறுத்தாமல் திரும்பவும் பார்ப்பார்கள். அக்காவுக்கு இரண்டாம் முறைதான் பிடிபட்டது. ஃபைப்ராய்டுக்கு நேரே 'உண்டு', உறைதல் குறைக்கு நேரேயும் 'உண்டு'. கட்டியைத் தொடவில்லை. மாதவிடாய் நாட்களில் டிரானெக்சமிக் அமிலம் கொடுத்தார்கள், போக்கு கட்டுக்குள் வந்தது. இது தெரியாமல் கத்தி வைத்திருந்தால் ஆபரேஷன் மேசையிலேயே ரத்தம் நிற்காமல் போயிருக்கலாம்.

நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்தையும் பையோடு கொண்டுபோங்கள். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரை, காப்பர்-டி, சில மனநல மருந்துகள் எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. கேட்டால்தான் சொல்வோம் என்று இருந்தால் அந்தக் கட்டம் காலியாகவே போகும். வயது 45-ஐத் தாண்டியிருந்தால் உள்சவ்வில் சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பது வழக்கம், ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்று அதைத் தள்ளிப்போட விடாதீர்கள். கர்ப்பம் இல்லை என்பதையும் முதலிலேயே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

மாதவிடாய் நின்று 12 மாதம் ஆனவர்களுக்கு இந்தப் பட்டியல் பொருந்தாது. அவர்களுக்கு ஒரே ஒரு சொட்டு பட்டாலும் மூன்று மாதத் தேதிக் கணக்கெல்லாம் வேண்டாம், அந்த வாரமே போய்ப் புற்றுநோய் இல்லை என்று பார்த்துவிட வேண்டும்.